குங்குமம் கொட்டினா முதல்ல தண்ணியைத் தொடாதீங்க!



பந்தல்குடியில் எங்கள் தெருவில் ஒரு வளைகாப்பு. எங்கள் குழுவில் இருக்கிற அக்கா ஒருவர் தன் மதினியிடம் இரவல் வாங்கிய கிளிப்பச்சைப் பட்டுச்சேலை கட்டி வந்திருந்தார். குழுக் கடனில் எடுத்த சேலை அது. மதினி இன்னும் தவணை கட்டி முடிக்கவில்லை. நலுங்குத் தட்டு சாய்ந்து முந்தியில் குங்குமம் கொட்டியது, ஒரு ரூபாய் அகலம்தான். "ஐயோ"ன்னு சொம்புத் தண்ணியைத் தெளித்து ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தார். ஒரு ரூபாய் அளவு உள்ளங்கை அளவாகிவிட்டது.

தேய்த்தது ஒரு தப்பு. அதைவிடப் பெரிய தப்பு தண்ணீர். உலர்ந்த குங்குமம் துணிமேல் சும்மா உட்கார்ந்திருக்கும் தூள்தான். கடையில் விற்கிற பல குங்குமத்தில் சாயம் கலந்திருக்கிறது. ஈரம் பட்டதும் சாயம் கரைந்து நூலுக்குள் ஓடுகிறது. விளக்குத்திரி எண்ணெய் உறிஞ்சுவது மாதிரிதான்.

ஆகவே கொட்டியதும் சேலையைச் சாய்த்துப் பிடித்து, பின்பக்கம் விரலால் சுண்டி விடுங்கள். மிச்சத்தை உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளி எடுங்கள். வாயால் ஊதினால் நல்ல இடத்திலும் பறக்கும். பாதிக் கறை இதிலேயே போய்விடும்.

அடுத்து, அது எந்தக் குங்குமம் என்று பாருங்கள். அதே டப்பாவில் ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்து நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். மஞ்சளாக மாறினால் அது மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த பழைய முறைக் குங்குமம். ரோஸ் நிறமாகவே கரைந்து ஓடினால் சாயக் குங்குமம். இந்தச் சோதனை தட்டில்தான், சேலையில் வேண்டாம். எலுமிச்சை பட்டுச் சாயத்தையே மாற்றிவிடலாம்.

மஞ்சள் குங்குமம் பருத்தியில் பட்டால் கவலையில்லை. சோப்புப் போட்டதும் இன்னும் சிவக்கும். பயப்படாதீர்கள், சோப்பின் காரத்தில் மஞ்சள் அப்படித்தான் சிவக்கும். நன்றாக அலசி வெயிலில் போட்டால், இரண்டு மூன்று துவைப்பில் வெளுத்துவிடும்.

பட்டுக்கு வெயிலும் ஆகாது, சோடாவும் ஆகாது, பிளீச்சிங் பவுடர் பட்டால் பட்டு நூலே கெட்டுவிடும். அந்த அக்காவின் சேலைக்கு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதலில் நிழலில் முழுதாக உலரவிட்டோம். மெடிக்கலில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி, சேலையின் உள்முனையில் வெளியே தெரியாத இடத்தில் ஒரு சொட்டு வைத்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தோம். பச்சை ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் அங்கேயே நிறுத்தி டிரை கிளீனிங்கிற்குக் கொடுத்திருப்போம். பிறகு கறைப் பக்கம் கீழே இருக்கும்படி பழைய வெள்ளை வேட்டித் துணிமேல் கவிழ்த்து, பின்பக்கமிருந்து ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒற்றினோம். தேய்க்கவே இல்லை. வெளி ஓரத்தில் ஆரம்பித்து நடுவுக்கு வந்தோம். அடியில் ரோஸ் இறங்க இறங்கத் துணியை நகர்த்தி சுத்தமான இடம் வைத்தோம். இதை மறந்தால் இறங்கிய சாயம் திரும்ப ஏறிவிடும். ஸ்பிரிட் தீப்பிடிக்கும், அடுப்படியில் வைத்துச் செய்யாதீர்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கறை போனது, ஆனால் தண்ணீர் பரவிய ஓரத்தில் மெல்லிய வளையம் ஒன்று நின்றுவிட்டது. மடிப்பில் மறைகிறது. தண்ணீர் தொடாமல் இருந்திருந்தால் அதுவும் இருந்திருக்காது.

ஆஞ்சநேயர் கோயில் செந்தூரம் வேறு கதை. அதில் எண்ணெயோ நெய்யோ சேர்ந்திருக்கும், தட்டினால் உதிராது. கரண்டி முனையால் வழித்து, முகப்பவுடரைத் தூவி ஒரு ராத்திரி விடுங்கள். எண்ணெயை அது உறிஞ்சியதும் தட்டிவிட்டு, மேலே சொன்ன மாதிரி ஸ்பிரிட்டால் ஒற்றுங்கள். பருத்தியானால் கடைசியில் சோப்புப் போட்டு அலசலாம். சில செந்தூரத்தில் ஈயம் கலந்திருப்பதுண்டு, ஆகவே முடித்ததும் கையைக் கழுவுங்கள்.

மருதாணிதான் பிடிவாதக்காரி. நம் தோலும் நகமும் புரதம், பட்டும் புரதம். அதனால் கையில் பிடிக்கிற மாதிரியே பட்டிலும் பிடிக்கும். காயுமுன் வழித்து, பின்பக்கமிருந்து பச்சைத் தண்ணீர் ஊற்றி அலசினால்தான் உண்டு. இங்கே மட்டும் தண்ணீர் உடனே வேண்டும், ஏனென்றால் விழுது ஏற்கனவே ஈரம்தான். சாயம் போகிற பட்டானால் கறை இருக்கிற இடத்தை மட்டும் நனையுங்கள். எலுமிச்சை, புளி தேய்க்காதீர்கள். கையில் நன்றாகச் சிவக்கணும்னு நாமே மருதாணியில் எலுமிச்சை விடுகிறோமே! ராத்திரி முழுக்கக் காய்ந்துவிட்டால் பட்டில் முழுதாகப் போகாது. சேலையையே அடர்நிறத்தில் சாயம் முக்குவதுதான் வழி.

வெள்ளைப் பருத்தியானால் இன்னொரு வழி உண்டு. புண் கழுவுகிற ஹைட்ரஜன் பெராக்சைடில் சம அளவு தண்ணீர் கலந்து, கறைமேல் கால் மணி நேரம் விட்டு அலசுங்கள். இரண்டு மூன்று தடவை செய்யவேண்டி வரும். அருப்புக்கோட்டைக் கலர் சேலையில் இதைச் செய்தால் கறையோடு சேலை நிறமும் வெளுத்துவிடும்.