பூஜ்யம் எப்போது உண்மை?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பீமா பழங்குடிப் பெண்கள் 768 பேரிடம் நடந்த நீரிழிவு ஆய்வின் அட்டவணை ஒன்று உண்டு. அதில் இரத்த அழுத்தப் பத்தியில் 35 பேருக்கு 0 என்று காணப்படுகிறது. உயிருள்ள ஒருவருக்கு இரத்த அழுத்தம் பூஜ்யமாக இருக்க முடியுமா? முடியாது. அளவு கிடைக்காத இடங்களில் 0 நிரப்பப்பட்டுள்ளது. ஆனால், 'கருவுற்ற தடவைகள்' என்ற பத்தியில் வரும் 0 உண்மையாகவே இருக்கலாம்.

இதனால் என்ன கேடு? அப்படியே கூட்டி வகுத்தால் சராசரி அழுத்தம் 69.1. அந்த 35 பேரை நீக்கிவிட்டு 733 ஆல் வகுத்தால் 72.4.

இக்குழப்பத்தைத் தவிர்ப்பதே 'தரவு அகராதி'. அட்டவணையின் ஒவ்வொரு பத்திக்கும் அதில் ஒரு வரி எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக:

இரத்த அழுத்தம் (இதயம் விரியும்போது): அலகு, பாதரச மில்லிமீட்டர், ஏற்கத்தக்க மதிப்பு, 20 முதல் 150 வரை, அளக்காவிடில் −8, அளந்த குறிப்பு தொலைந்திருந்தால் −9.

கருவுற்ற தடவைகள்: அலகு, எண்ணிக்கை; ஏற்கத்தக்க மதிப்பு, 0 முதல் 20 வரை; விடை தெரியாவிடில் −9.

குறியீடு எப்போதும் ஏற்கத்தக்க எல்லைக்கு வெளியே இருப்பதைக் கவனியுங்கள். எனினும், −9 என்பது குறியீடு என்று கணிப்பொறிக்குச் சொல்லாவிட்டால் அது அதையும் கூட்டிவிடும். ஆகவே, கணக்கிடுமுன் ஒவ்வொரு பத்தியிலும் மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் அகராதியோடு ஒப்பிட வேண்டும்.

அகராதியை முதலிலேயே எழுதிவிட வேண்டும். அந்த 35 பேரில் யாருக்கு அளக்கவில்லை, யாருடைய குறிப்பு தொலைந்தது என்பதை வெறும் 0 ஒருபோதும் சொல்லாது.