எழுத்துருவைச் சோதிக்கும் வழி

வில்லியம் காஸ்லன் 1734-இல் லண்டனில் வெளியிட்ட எழுத்துரு மாதிரித் தாளில் லத்தீன் பத்தி ஒன்று பெரிய அளவிலிருந்து படிப்படியாகச் சிறுத்து வரும். பெரிய வரிகள் கண்ணைக் கவரும்; எழுத்துருவின் தரம் தெரிவதோ சிறிய வரிகளில்தான். அங்கே எழுத்துகளின் உள்வெளி மையால் அடைபடாமல் இருக்க வேண்டும்.

26 ஆங்கில எழுத்துகளும் வரும் நரி-நாய் வாக்கியம், எந்த எழுத்தும் விடுபடவில்லை என்பதை உறுதிசெய்யும். எண்கள் அதில் இல்லை. தமிழின் 247 எழுத்துகளையோ ஒரே வாக்கியத்தில் அடைக்க முடியாது.

ஆகவே செய்திப் பத்தி ஒன்றை 10 புள்ளி அளவில் அச்சிட்டுப் பார்ப்பதே நல்லது. ‘கு’, ‘ழு’ ஆகியவற்றின் கீழ்ச்சுழி அடுத்த வரியிலுள்ள ‘கீ’, ‘தீ’ மேல்வளைவில் இடித்தால் வரி இடைவெளியைக் கூட்டலாம். மெய்யெழுத்தின் புள்ளி மங்கி ‘க்’ என்பது ‘க’ போலத் தெரிந்தால் எழுத்துருவையே மாற்ற வேண்டும்.