கோபுரத்தை ஒட்டி ஏறும் வெள்ளைக் கோடு

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் படங்களை இணையத்தில் தேடினால் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். 1987-இல் கட்டி முடிக்கப்பட்ட 13 நிலைக் கோபுரம் அது. நிலைக்கு நிலை மாடங்கள், தூண்கள், வண்ணம் தீட்டிய வேலைப்பாடுகள், பின்னால் நீல வானம். சில படங்களை உற்றுப் பார்த்தால் ஒரு விநோதம் கண்ணில் படும். கோபுரத்தின் விளிம்பை ஒட்டி, அடியிலிருந்து கலசம் வரை, வானத்தில் ஒரு வெளிறிய கோடும் கூடவே ஏறிப் போகிறது. அது வெயிலின் வேலை அல்ல, லென்ஸின் குற்றமும் அல்ல. படத்தைக் கூர்மைப்படுத்தியவர் ஓர் எண்ணைத் தேவைக்கு மேல் வைத்துவிட்டார்.

அந்த எண்ணின் பெயர் ரேடியஸ். போட்டோஷாப்பில் Unsharp Mask என்ற கருவியைத் திறந்தால் அமவுண்ட், ரேடியஸ், த்ரெஷோல்டு என மூன்று பட்டைகள் தெரியும். பெரும்பாலானவர்கள் முதலில் இருக்கும் அமவுண்ட்டை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, மற்ற இரண்டையும் இருந்தபடியே விட்டுவிடுகிறார்கள். வலைப்பக்கத்துக்குப் போகும் படத்தில் இது தலைகீழ் வழி. அங்கே படத்தின் தலையெழுத்தை முதலில் தீர்மானிப்பது ரேடியஸ்தான்.

கூர்மைப்படுத்தல் ஏன் தேவைப்படுகிறது? இன்றைய கேமரா ஒன்று 6000 பிக்சல் அகலமும் 4000 பிக்சல் உயரமும் கொண்ட படத்தைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வலைப்பக்கத்துக்கு 1200 பிக்சல் அகலம் போதும். சுருக்கும்போது பழைய படத்தின் 25 பிக்சல்கள் சேர்ந்து புதிய படத்தில் ஒரே பிக்சல் ஆகின்றன. கோபுரக் கல்லின் கருமையும் வானத்தின் வெளிச்சமும் சந்திக்கும் இடத்தில் இருவகைப் பிக்சல்களும் கலந்து நடுத்தரச் சாம்பலாகிவிடும். மாடத்து நிழல்கள் மழுங்கும். மூலப் படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் சுருக்கிய படம் ஒரு சுற்று சோர்ந்துதான் தெரியும். அந்தச் சோர்வைத் துடைப்பதுதான் இந்தக் கருவியின் வேலை. ஃபோகஸ் தவறிய படத்தையோ கை ஆடிய படத்தையோ அது மீட்டுத் தராது. பதிவாகாத விவரத்தை எந்தப் பட்டையாலும் வரவழைக்க முடியாது.

கருவி வேலை செய்யும் விதம் கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். கூர்மையாக்க அது முதலில் படத்தை மங்கலாக்குகிறது. மூலப் படத்தின் மங்கலான நகல் ஒன்றைத் தனக்குள் உண்டாக்கி, மூலத்தையும் நகலையும் பிக்சல் பிக்சலாக ஒப்பிடுகிறது. இரண்டுக்கும் எங்கே வித்தியாசம் இருக்கிறதோ அங்கேதான் விளிம்பு இருக்கிறது. அந்த வித்தியாசத்தை மூலத்தோடு கூட்டினால் விளிம்பின் கருத்த பக்கம் இன்னும் கருக்கும், வெளுத்த பக்கம் இன்னும் வெளுக்கும். கணினி வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இருட்டறையில் இதைச் செய்தார்கள். நெகட்டிவின் மீது அதன் மங்கலான பாசிட்டிவ் நகலைப் பொருத்தி வைத்து பிரிண்ட் எடுத்தார்கள். மென்பொருள் அதே காரியத்தைக் கூட்டல் கழித்தலாகச் செய்கிறது:

```
புதியது = மூலம் + அமவுண்ட் × (மூலம் − மங்கல்)
```

கோபுர விளிம்பில் ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிக்சலின் வெளிச்சத்தை 0 முதல் 255 வரை எண்ணால் குறிப்பது வழக்கம். 0 கருப்பு, 255 வெள்ளை. நிழல் விழுந்த கல் 100, வானம் 160 என்று இருக்கட்டும். ரேடியஸ் 1, அமவுண்ட் 100 சதவீதம் வைத்தால், மங்கலான நகலில் விளிம்பை ஒட்டிய கல் பிக்சல் சுமார் 118 ஆகிறது, வான் பிக்சல் சுமார் 142 ஆகிறது. இரண்டு பக்கமும் 18 வித்தியாசம். அதை மூலத்தோடு சேர்த்தால் கல் 82-க்கு இறங்குகிறது, வானம் 178-க்கு ஏறுகிறது. 60 ஆக இருந்த இடைவெளி 96 ஆகிவிட்டது. கண்ணுக்கு இதுதான் கூர்மை. விளிம்பிலிருந்து அடுத்த பிக்சலில் மாற்றம் மூன்று நான்கு எண்கள்தான், அதற்கடுத்து ஒன்றுமில்லை என்றே சொல்லலாம்.

இப்போது அமவுண்ட்டைத் தொடாமல் ரேடியஸை மட்டும் 3 ஆக்கிப் பார்ப்போம். விளிம்பை ஒட்டிய பிக்சலில் மாற்றம் 26. அடுத்ததில் 18, அதற்கடுத்ததில் 12, பிறகு 7. வெளிச்சம் ஒரு பிக்சலில் நிற்காமல் நான்கைந்து பிக்சல் தூரத்துக்கு வானத்தில் கசிந்துவிட்டது. ஆரம்பத்தில் பார்த்த வெள்ளைக் கோடு இதுதான். ஹாலோ என்பார்கள். வானம் ஏற்கெனவே 240 அளவில் வெளுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். கூட்டல் 255-ஐத் தாண்ட முடியாது என்பதால் விளிம்பு நெடுகச் சுத்தமான வெள்ளைப் பட்டை விழுந்துவிடும். அங்கிருந்த வானத்தின் நீலம் திரும்பக் கிடைக்காது.

ஹாலோவைவிடப் பெரிய நஷ்டம் கோபுரத்தின் உள்ளே நடக்கிறது. 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிய படத்தில் ஒரு சிறிய சிலையின் முகம் சில பிக்சல்களுக்குள் அடங்கிவிடும். தூணுக்கும் தூணுக்கும் இடையே உள்ள நிழல் இரண்டு மூன்று பிக்சல்தான். ரேடியஸ் 3 வைத்தால் ஒரு தூணின் ஹாலோ பக்கத்துத் தூணின் ஹாலோவோடு போய் மோதும். நுணுக்கம் தெளிவதற்குப் பதிலாகக் கோபுரம் முழுக்கக் கரகரவென்று ஆகிவிடும். அச்சுக்குப் போகும் பெரிய படத்துக்கு 1 அல்லது 2 பொருந்தலாம். அங்கே ஓர் அங்குலத்தில் 300 பிக்சல்கள் நெருங்கி உட்காருவதால் இரண்டு பிக்சல் கோடு கண்ணுக்குத் தெரியாது. கணினித் திரைக்கு அந்தச் சலுகை இல்லை. வலைப்பக்கப் படத்துக்கு 0.3-இலிருந்து 0.6 வரை வைத்தால் பெரும்பாலும் போதும். 1-ஐத் தொட வேண்டிய கட்டாயம் அபூர்வம். இலவச மென்பொருளான கிம்ப்பில் இந்தக் கருவியைத் திறந்தால் ரேடியஸ் 3-இல்தான் நிற்கும். அதை அப்படியே ஏற்றுக்கொண்டு ஓகே கொடுப்பவர்களின் படங்களில் ஹாலோ இருப்பதில் ஆச்சரியமில்லை.

ரேடியஸைச் சரியாகப் பிடிக்க அனுபவசாலிகள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். அமவுண்ட்டைத் தற்காலிகமாக 400, 500 என்று ஏற்றிவிடுவார்கள். படம் பார்க்கச் சகிக்காது, ஆனால் ரேடியஸின் விளைவு பளிச்சென்று தெரியும். 0.2-இலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே வந்து, சிற்ப விளிம்புகளைச் சுற்றித் தனிக் கோடு தலைகாட்டத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பாக நிறுத்துவார்கள். அதன் பிறகு அமவுண்ட்டைக் கீழே இறக்குவார்கள். ரேடியஸ் சிறியதாக இருந்தால் அமவுண்ட் 100, 150 என்று தாராளமாகவே இருக்கலாம். மாற்றம் ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடுவதால் அது தனிக் கோடாகத் தெரியாமல் தெளிவாகத் தெரியும். ரேடியஸைக் கூட்டினால் அமவுண்ட்டைக் குறைத்தே ஆக வேண்டும். கிம்ப்பில் இதே அமவுண்ட் சதவீதமாக இருக்காது. அங்கே 1 என்றால் இங்கே 100.

இந்த வேலை முழுவதையும் படத்தை 100 சதவீத அளவில் வைத்துப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். 50 சதவீதத்தில் பார்த்தால் மென்பொருளே இன்னொரு முறை சுருக்கிக் காட்டுகிறது, ஹாலோ அதில் ஒளிந்துகொள்ளும். 200 சதவீதத்தில் பார்த்தால் இல்லாத பயம் வரும்.

மூன்றாவது பட்டையான த்ரெஷோல்டு ஒரு காவல்காரர். மூலத்துக்கும் மங்கலுக்கும் உள்ள வித்தியாசம் எத்தனை எண்ணைத் தாண்டினால் கூர்மைப்படுத்தலாம் என்று அது சொல்கிறது. வானம் 160 என்று மேலே சொன்னாலும் நிஜத்தில் எல்லா வான் பிக்சலும் 160 இராது. 158, 161, 162 என்று ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். நாய்ஸ் எனப்படும் அந்தச் சலசலப்பைக் கருவி விளிம்பு என்று நம்பிவிடுகிறது. அமவுண்ட் 200 என்றால் 2 எண் வித்தியாசம் 6 வரை பெருகலாம். அப்போது தெளிவான வானத்தில் மணல் தூவியது போலாகும். த்ரெஷோல்டை 2 அல்லது 3 வைத்தால் அந்தச் சில்லறை வித்தியாசங்கள் தொடப்படாமல் தப்பிக்கும்.

ஆனால் வலைப்படத்தில் த்ரெஷோல்டை வாரி வழங்க வேண்டியதில்லை. 25 பிக்சல்களைச் சராசரியாக்கி ஒன்றாக்கும்போதே நாய்ஸின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. நல்ல வெளிச்சத்தில் எடுத்த கோபுரப் படத்துக்கு 0 அல்லது 1 கூடப் போதும். இரவில் உயர்ந்த ஐஎஸ்ஓவில் எடுத்ததென்றால் 3, 4. இந்தப் படத்தில் 10-க்குக் கொண்டுபோனால் கோபுர விளிம்பு மட்டும் கத்தியாக நிற்க, சுவரின் மென்மையான வேலைப்பாடுகள் மழுங்கியே கிடக்கும், பிளாஸ்டிக் பொம்மைபோல. முகப் படங்களுக்குக் கணக்கு வேறு. கண்ணிமையும் புருவமும் கூர்மையாக வேண்டும், கன்னத்துத் துளைகள் வேண்டாம். அங்கே 5-க்கு மேல் போவதில் நியாயம் இருக்கிறது.

எண்கள் சரியாக இருந்தும் படம் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் வேலையின் வரிசைதான் காரணம். முதலில் நிறமும் வெளிச்சமும் திருத்த வேண்டும், பிறகு சுருக்க வேண்டும், கடைசியாகவே கூர்மை. 6000 பிக்சல் படத்தைக் கூர்மைப்படுத்திவிட்டுச் சுருக்கினால் செய்த வேலை சராசரியில் கரைந்துவிடும். போட்டோஷாப்பில் சுருக்கும்போது Bicubic Sharper முறையைத் தேர்ந்தெடுத்தால் அதுவே கொஞ்சம் கூர்மை சேர்த்துவிடுகிறது. அதன் மேல் இன்னொரு முறை ஏற்றினால் இரட்டை வேலை. ஒருமுறை ஜேபெக்காக அழுத்திச் சேமித்த படத்தைக் கூர்மைப்படுத்துவதும் ஆபத்து. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. மங்கிக் கிடந்த கட்டங்களின் ஓரங்களையும் கருவி விளிம்பாக எடுத்துக்கொண்டு வானத்தில் சதுரம் சதுரமாக எழுப்பிவிடும். கோபுரத்தின் வண்ணப் பகுதிகளில் நிறம் பிசிறினால், கூர்மையைத் தனி லேயரில் செய்து அதன் கலப்பு முறையை Luminosity ஆக்கினால் வெளிச்சம் மட்டும் மாறும், நிறம் அப்படியே இருக்கும்.

நூறு படங்களை ஒரே நாளில் ஏற்ற வேண்டியவர்கள் இமேஜ்மேஜிக் என்ற இலவசக் கருவியில் ஒரே வரியில் முடித்துக்கொள்ளலாம்:

```
magick gopuram.jpg -resize 1200x -unsharp 0x0.4+1.0+0.01 -quality 82 gopuram-web.jpg
```

இதில் 0.4 என்பது ஏறத்தாழ போட்டோஷாப் ரேடியஸ், 1.0 என்பது 100 சதவீத அமவுண்ட், கடைசியில் உள்ள 0.01 த்ரெஷோல்டு. இந்தக் கருவி த்ரெஷோல்டை 255-க்குப் பதிலாக 1-ஐ முழு அளவாக வைத்துக் கணக்கிடுகிறது.

கூர்மை கூடக்கூட ஜேபெக் கோப்பின் எடையும் கூடும். நாய்ஸைத் தப்பாகக் கூர்மைப்படுத்தியிருந்தால் பயனில்லாத அந்த மணலுக்கும் சேர்த்துப் படிப்பவரின் டேட்டா செலவாகிறது. பதிவேற்றிய பிறகு வலைப்பக்கம் அதே படத்தை 600 பிக்சலுக்குச் சுருக்கிக் காட்டினால் செய்த கூர்மையில் பாதி காணாமல் போகும், 1800-க்கு இழுத்துக் காட்டினால் ஹாலோவும் சேர்ந்து பெரிதாகும். ஆகவே பக்கத்தில் படம் எந்த அளவில் தோன்றும் என்பதை முதலில் விசாரித்துவிட்டு அந்த அளவுக்கே சுருக்குங்கள். கூர்மைப்படுத்தாத மூலப் படத்தின் மீது சேமித்துவிடாதீர்கள். நாளைக்கு வேறு அளவு கேட்டால் அந்த மூலத்திலிருந்துதான் மறுபடி தொடங்க முடியும்.