மூன்று நாள் கழித்து அனுப்பும் வாழ்த்து

தோழியின் பிறந்தநாள் முடிந்து மூன்று நாள் கழித்து நினைவு வருகிறது. அப்போது பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். கேக் படத்தோடு ‘பிலேட்டட் விஷ்ஷஸ்’ என்று தட்டிவிடுகிறோம், இல்லையென்றால் ‘இவ்வளவு நாளாச்சு, இனி என்ன சொல்றது’ என்று பேசாமல் இருந்துவிடுகிறோம். பேசாமல் இருப்பதுதான் அதிகம் வலிக்கும். அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தாமதமாகக் கொடுக்கும் பரிசுகளைப் பற்றி ஆராய்ந்தார்கள். உறவு எவ்வளவு கெடும் என்று கொடுப்பவர் பயப்படுகிறாரோ, அந்த அளவுக்கு வாங்குபவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கொடுக்காமலே விடுவதுதான் உறவை அதிகம் பாதிக்கிறது. வாழ்த்துக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

அதற்காக மறதி ஒரு விஷயமே இல்லை என்று ஆகிவிடாது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில், மறக்கப்பட்டவர்களின் மனநிலையைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. ‘பாவம், வேலையா இருந்திருப்பாங்க’ என்று அவர்களே மறந்தவருக்காகச் சமாதானம் தேடிக்கொள்கிறார்கள். அப்படியும், அவருக்கு நாம் அவ்வளவு முக்கியமில்லை போல என்ற எண்ணம் மனதின் ஓரத்தில் தங்கிவிடுகிறது. தாமத வாழ்த்து ஆற்ற வேண்டியது இந்த எண்ணத்தைத்தான். நம் வேலைப்பளுவை எவ்வளவு விவரித்தாலும் அது ஆறாது. அந்தச் சமாதானத்தைத் தோழி ஏற்கெனவே தனக்குச் சொல்லிப் பார்த்திருப்பாள்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த இரண்டு பேர், இப்போது ஒரே ஊரில் வசிக்கிறார்கள். ஒருத்திக்கு 12-ஆம் தேதி பிறந்தநாள். அவளுடைய அம்மா சில மாதங்களுக்கு முன்புதான் காலமானார். மற்றவளுக்கு 15-ஆம் தேதிதான் நினைவு வருகிறது. முதலில் கைக்கு வருவது இப்படி இருக்கும்: “சாரிடீ, ஆபீஸ்ல ஆடிட், மூச்சு விட நேரமில்ல. நான் எவ்வளவு மோசமான ஃப்ரெண்டு பாரு! மன்னிச்சுட்டேன்னு சொல்லு.” இதில் பிறந்தநாள்காரி எங்கே இருக்கிறாள்? முழுக்க எழுதியவளின் பாடுதான் இருக்கிறது. ‘நான் மோசம்’ என்று படித்ததும் ‘சேச்சே, அப்படியெல்லாம் இல்லடீ’ என்று தேற்றும் வேலையும் அவள் தலையிலேயே விழுகிறது.

அதையே இப்படி எழுதலாம்:

“டீ, 12-ஆம் தேதி உன் பிறந்தநாள். நான் மறந்துட்டேன். அம்மா இல்லாம உனக்கு வந்த முதல் பிறந்தநாள் இது. காலைல முதல் போன் அவங்ககிட்டேர்ந்துதான் வரும்னு நீ சொல்லியிருக்க. அன்னிக்கு நான் கூப்பிட்டிருக்கணும், கூப்பிடல. அதை நினைச்சா வருத்தமா இருக்கு. பிறந்தநாள் வாழ்த்துகள்டீ. இந்த வருஷம் உனக்குக் கொஞ்சம் லேசா அமையணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வரட்டுமா? தோதுப்படலன்னா வேற நாள் சொல்லு.”

‘மறந்துட்டேன்’ என்ற சொல் எந்தக் காரணமும் ஒட்டாமல் தனியாக நிற்கிறது. அந்த நாள் தோழிக்கு எப்படிப்பட்ட நாளாக இருந்திருக்கும் என்பது அடுத்து வருகிறது. வேறு யாருக்கும் அப்படியே அனுப்ப முடியாத வரி அது. வாழ்த்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மன்னிப்பு கேட்டு நெருக்கவும் இல்லை. இதற்கும் ஆய்வின் துணை உண்டு. 2016-இல் ராய் லெவிக்கியும் உடன் பணிபுரிந்தவர்களும் மன்னிப்பின் ஆறு கூறுகளை எடைபோட்டார்கள். ‘தவறு என்னுடையது’ என்று ஏற்பது முதலிடம் பெற்றது. சரிசெய்ய முன்வருவது அதற்கு அடுத்து வந்தது. ‘மன்னித்துவிடு’ என்று கேட்பதற்குத்தான் கடைசி இடம். ‘ஒரு நாள் பார்க்கலாம்’ என்று விட்டுவிடாமல் ஞாயிற்றுக்கிழமை என்று கிழமையைச் சொன்னதும் சரிசெய்வதில்தான் சேரும்.

நம் ஊரில் இன்னொரு வழியும் இருக்கிறது. தேதி போனாலும் நட்சத்திரப் பிறந்தநாள் சில சமயம் இனிமேல்தான் வரும். தோழி அந்த நாளில் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்கிறவளாக இருந்தால், உடன் போவது அருமையான காரியம். ஆனால் ‘நட்சத்திரத்துக்குச் சொல்லலாம்னு இருந்தேன்’ என்று பொய்யாக அதன் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது. பழகியவளுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

செய்தியை அவளுக்கு மட்டும் அனுப்புங்கள். கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் போட்டால், எல்லோர் முன்னாலும் சிரித்த முகத்தோடு பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவளுக்கு வந்துவிடும். பதில் ‘பரவாயில்லடீ’ என்று ஒற்றை வார்த்தையாக வரலாம், இரண்டு நாள் வராமலும் இருக்கலாம். ‘கோபமா?’ என்று திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். அவள் வேண்டாம் என்று சொல்லாதவரை, ஞாயிறு காலை ‘வரட்டுமா?’ என்று ஒரு முறை கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, சாயங்காலம் போய் அவள் பேசுவதைக் கேளுங்கள்.