ஏவு திசையும் பறப்பு நிறுத்தமும்: ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளப் பாதுகாப்பின் அடிப்படைகள்

முன்னுரை

ஏவூர்தி ஒன்று நடுவழியில் அழிக்கப்பட்டது என்னும் செய்தியைப் படிப்போர், ஏவூர்தி பழுதடைந்ததால் அழிக்கப்பட்டது என்றே பொதுவாகப் பொருள் கொள்கின்றனர். ஏவுதளப் பாதுகாப்புத் துறையின் நோக்கு இதனின்றும் வேறானது. பழுது எங்கே, எவ்வளவு என்பது அத்துறையின் முதல் வினா அன்று. இக்கணத்தில் உந்துவிசை நின்றுபோனால் ஏவூர்தி எங்கே வீழும் என்பதே அதன் வினா. ஏவும் திசையைத் தேர்வதும், தவறும் பறப்பை நிறுத்துவதும் இவ்வொரு வினாவிலிருந்தே பிறக்கின்றன. ஸ்ரீஹரிகோட்டாவின் புவியியல் அமைப்பையும், அங்கிருந்து ஏவப்பட்டுத் தோல்வியுற்ற இரு ஜி.எஸ்.எல்.வி. பறப்புகளையும் கொண்டு இத்தொடர்பை இக்கட்டுரை விளக்குகிறது.

வீழ்புள்ளி என்னும் கருத்து

பறந்துகொண்டிருக்கும் ஏவூர்தியின் உந்துவிசை ஒரு கணத்தில் அற்றுப்போவதாகக் கொண்டால், அது எறியப்பட்ட கல்லைப் போல வளைபாதையில் சென்று தரையையோ கடலையோ அடையும். அவ்விடம் உடனடி வீழ்புள்ளி எனப்படுகிறது. ராடார் தரும் இருப்பிடத்தையும் திசைவேகத்தையும் கொண்டு தரைநிலையக் கணினிகள் இப்புள்ளியைத் தொடர்ந்து கணித்து வரைபடத்தில் காட்டுகின்றன. பாதுகாப்பு அலுவலர் கண்காணிப்பது ஏவூர்தியின் இருப்பிடத்தை விட இப்புள்ளியின் நகர்வையே ஆகும்.

ஓர் எளிய கணக்கு இதனைத் தெளிவாக்கும். ஏவூர்தி 50 கி.மீ. உயரத்தில் உள்ளது, அதன் கிடைத்திசைவேகம் நொடிக்கு 1 கி.மீ., மேல்நோக்கிய வேகமும் நொடிக்கு 1 கி.மீ. எனக் கொள்வோம். காற்றின் தடையையும் புவியின் வளைவையும் நீக்கிக் கணித்தால், உந்துவிசை நின்றபின் அது கீழே வர ஏறத்தாழ 246 நொடிகள் ஆகும். அதற்குள் அது கிடையாக 246 கி.மீ. கடந்திருக்கும். அதாவது, வீழ்புள்ளி ஏவூர்திக்கு நேர் கீழே இல்லை, 246 கி.மீ. முன்னே உள்ளது. கிடைத்திசைவேகம் ஒரு நொடியில் 20 மீட்டர் மட்டுமே கூடினாலும் அவ்வொரு நொடியில் வீழ்புள்ளி ஏறத்தாழ 5 கி.மீ. நகர்ந்துவிடும். வேகம் மேலும் கூடுந்தோறும் இந்நகர்வும் விரைவுபெறும். சுற்றுப்பாதை வேகத்தை எட்டியபின் வீழ்புள்ளி என்பதே இல்லாமற்போகும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, முடிவெடுப்பதில் ஏற்படும் ஒரு நொடித் தாமதம் கடலில் வீழவேண்டிய சிதைவுகளைக் கரையில் வீழச்செய்யக்கூடும். ஆகவே எல்லைக்கோடுகள் பறப்புக்கு முன்பே வரையப்படுகின்றன. வீழ்புள்ளி அவற்றைத் தொட்டால் என்ன செய்வது என்பதும் முன்பே முடிவு செய்யப்படுகிறது. இரண்டாவது, வீழ்புள்ளியின் தடம் முழுவதும் கடலின் மேல் அமையுமாறு ஏவு திசையைத் தேர்ந்துவிட்டால், அழிப்புக் கட்டளைக்கான தேவையே பெரிதும் குறைகிறது. எனவே ஏவு திசையே முதற் பாதுகாப்பு. பறப்பு நிறுத்த அமைப்பு இறுதிப் பாதுகாப்பு.

ஸ்ரீஹரிகோட்டாவின் திசைச் சிக்கல்

ஸ்ரீஹரிகோட்டா ஏறத்தாழ 13.7 பாகை வட அகலாங்கில், வங்கக் கடலின் கரையில் அமைந்துள்ளது. புவிநிலைச் செயற்கைக்கோள்களுக்காகக் கிழக்கு நோக்கி ஏவும்போது முன்னே பரந்த கடலே உள்ளது. புவிச்சுழற்சியின் வேகமும் துணைசெய்கிறது. சிக்கல், தெற்கு நோக்கி ஏவும்போதே எழுகிறது.

தொலையுணர்வுச் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் கதிரவனோடு இசைந்த துருவச் சுற்றுப்பாதையில் இயங்குகின்றன. அதன் சாய்வு ஏறத்தாழ 98 பாகை. சுற்றுப்பாதைச் சாய்வு i, ஏவுதள அகலாங்கு φ, வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கப்படும் ஏவு திசைக்கோணம் A ஆகியவற்றின் உறவு வருமாறு:

cos i = cos φ · sin A

ஸ்ரீஹரிகோட்டாவின் அகலாங்கை இதில் இட்டால், தெற்கு நோக்கி ஏவுவதற்கு A ஏறத்தாழ 188 பாகை எனக் கிடைக்கிறது. புவிச்சுழற்சியைக் கணக்கில் கொண்டால் தரையின் மேலான தடம் இன்னும் சற்று மேற்கே சாயும். அத்தடம் சென்னைப் பகுதியையும் அதற்குத் தெற்கேயுள்ள தமிழகக் கடற்கரை மாவட்டங்களையும் கடந்து செல்லும். நேர்த்தெற்கே ஏவினால் இலங்கை குறுக்கிடும். ஆகவே கணிதம் கேட்கும் திசையைப் பாதுகாப்பு அனுமதிப்பதில்லை.

இதற்குத் தீர்வாகப் பி.எஸ்.எல்.வி. இத்தகைய பறப்புகளில் ஏறத்தாழ 140 பாகைத் திசையில், அதாவது தென்கிழக்கு நோக்கிப் புறப்படுகிறது. அக்கோட்டை வரைபடத்தில் நீட்டினால், 8 பாகை அகலாங்கில் அது ஏறத்தாழ 85 பாகைக் கிழக்கு நெட்டாங்கைக் கடக்கும். இலங்கையின் கிழக்குக் கரை அதற்கு 300 கி.மீ.க்கும் அப்பால் மேற்கே நின்றுவிடுகிறது. வீழ்புள்ளி இலங்கையை எட்டாது என்னும் நிலை வந்தபின்னரே ஏவூர்தி தெற்கு நோக்கித் திரும்புகிறது.

இத்திருப்பத்திற்கு விலை உண்டு. நொடிக்கு 2 கி.மீ. வேகத்தில் செல்லும் பொருளின் வேகத்தை மாற்றாமல் திசையை மட்டும் 48 பாகை திருப்ப, நொடிக்கு ஏறத்தாழ 1.6 கி.மீ. அளவிற்குத் திசைவேக மாற்றம் தேவை. நடைமுறையில் திருப்பமும் முடுக்கமும் ஒருங்கே நிகழ்வதால் இழப்பின் அளவு மாறுபடும். எனினும் அது புறக்கணிக்கத்தக்கதன்று. அந்த உந்துபொருள் முழுவதும் செயற்கைக்கோளின் எடையிலிருந்து கழிக்கப்பட்டதாகவே கொள்ளவேண்டும். முன்னதாகவே திரும்பினால் வேகம் குறைவாக இருக்கும்போதே திருப்பம் முடிந்து இழப்பு குறையும். ஆனால் அப்போது வீழ்புள்ளி இலங்கையின் மேல் செல்லும்.

பறப்பு நிறுத்த அமைப்பின் இயக்கம்

திரவ எந்திரத்தை நிறுத்துவதற்கு உந்துபொருள் செல்லும் வால்வுகளை மூடினால் போதும். திண்ம எந்திரத்தை அவ்வாறு நிறுத்த இயலாது. பற்றிய உந்துபொருள் தீரும்வரை எரியும். பி.எஸ்.எல்.வி., ஜி.எஸ்.எல்.வி. இரண்டின் முதல்நிலையும் ஏறத்தாழ 139 டன் திண்ம உந்துபொருளைக் கொண்டவை. எனவே உறையின் நீளவாக்கில் வெடிபொருள் பொருத்தப்படுகிறது. தரையிலிருந்து குறியீடு செய்யப்பட்ட வானொலிக் கட்டளை வந்ததும் அது உறையைப் பிளக்கிறது. உள்ளழுத்தம் வெளியேறி உந்துவிசை அற்றுப்போகிறது. திரவநிலைகளில் தொட்டிகள் பிளக்கப்பட்டு எரிபொருளும் ஆக்சிகரணியும் வானிலேயே சிதறுகின்றன. ஏவூர்தி தூளாகி மறைந்துவிடுவதில்லை. சிதைவுகள் வீழ்ந்தே தீரும். அவை எங்கே வீழும் என்பதும், உந்துபொருள் நிறைந்த பெரும்பகுதிகள் நிலத்தை அடையாமையும் மட்டுமே உறுதிசெய்யப்படுகின்றன.

இரு தோல்விகளின் பாடம்

2006 ஜூலை 10 அன்று இன்சாட்-4சி செயற்கைக்கோளுடன் ஏவப்பட்ட ஜி.எஸ்.எல்.வி.-எஃப்02 இல், நான்கு பக்கவாட்டுத் திரவ உந்திகளுள் ஒன்று புறப்பட்ட நொடியிலேயே விசையை இழந்தது. உந்துபொருள் ஒழுங்குபடுத்தி ஒன்றில் நேர்ந்த உற்பத்திப் பிழையே காரணம் என ஆய்வில் தெரியவந்தது. ஏனைய மூன்று உந்திகளின் துணையால் ஏவூர்தி ஏறத்தாழ 50 நொடிகள் கட்டுப்பாட்டில் இருந்தது. பின்னர்ச் சாய்வு மிகுந்து, 55ஆம் நொடியளவில் காற்றழுத்தத்தால் உடையத் தொடங்கியது. 62ஆம் நொடியில் அழிப்புக் கட்டளை தரப்பட்டது.

பழுது தோன்றியதற்கும் கட்டளைக்கும் இடையே ஒரு நிமிடம் கழிந்துள்ளது. மேலே கூறிய வினாவைக் கொண்டு நோக்கினால் இது விளங்கும். புறப்பட்ட உடனே அழித்திருந்தால் நூற்றுக்கணக்கான டன் எடை ஏவுமேடையின் மேலேயே வீழ்ந்திருக்கும். குறையுற்ற ஏவூர்தியாயினும் அது கடலை நோக்கிச் செல்லும்வரை ஒவ்வொரு நொடியும் வீழ்புள்ளியைக் கரையிலிருந்து விலக்குகிறது. பழுதடைந்தது என்பது மட்டுமே பறப்பை நிறுத்தக் காரணமாகாது.

2010 டிசம்பர் 25 அன்று ஜிசாட்-5பி செயற்கைக்கோளுடன் சென்ற ஜி.எஸ்.எல்.வி.-எஃப்06 வேறுவகையில் தோல்வியுற்றது. 47 நொடிகளுக்கு மேல் பறப்பு செம்மையாகவே இருந்தது. பின்னர்க் கடுங்குளிர்நிலையின் அடிப்பகுதியில் இருந்த மின்னிணைப்பிகள் கழன்றன. மேலே உள்ள கணினியின் ஆணைகள் கீழே உள்ள உந்திகளை அடையவில்லை. சில நொடிகளில் ஏவூர்தி உடைந்தது; 64ஆம் நொடியில் அழிப்புக் கட்டளை தரப்பட்டது.

இரண்டிலும் கட்டளை, ஏவூர்தி உடையத் தொடங்கிய பின்னரே தரப்பட்டுள்ளது. உடைந்ததை மீண்டும் அழிப்பது வீண் எனத் தோன்றலாம். ஆனால் அந்நேரத்தில் முதல்நிலையின் திண்ம உந்துபொருளில் கணிசமான பகுதி எரியாமல் இருந்திருக்கும். கட்டுப்பாடிழந்த திண்ம எந்திரம் எத்திசையிலும் தானே பாயக்கூடியது. அதன் உறையைப் பிளந்த பின்னரே வீழ்புள்ளி பற்றிய கணிப்பு உறுதி பெறுகிறது.

இவ்வமைப்பிற்கும் வரம்பு உண்டு. 2023 ஏப்ரல் 20 அன்று டெக்சாஸ் கரையிலிருந்து ஏவப்பட்ட ஸ்டார்ஷிப்பில் வெடிபொருள் இயங்கிய பின்னும் ஏறத்தாழ 40 நொடிகள் ஏவூர்தி உடையாமல் சுழன்றது. வெடிபொருள் வெடிப்பதும் பறப்பு முடிவதும் ஒன்றல்ல என்பதை அது காட்டியது. அப்போது கீழே மெக்சிகோ வளைகுடா இருந்தது. அழிப்பு அமைப்பு தாமதித்த இடத்தில் ஏவு திசை காத்தது.

குலசேகரன்பட்டினமும் திறந்த கடலும்

தூத்துக்குடி மாவட்டக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று புதிய ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஏறத்தாழ 8.4 பாகை அகலாங்கில் அமைந்த அவ்விடத்திலிருந்து தெற்கே செல்லும் தடம் இலங்கைக்கு மேற்கே, மாலத்தீவுகளுக்குக் கிழக்கே அமைகிறது. அண்டார்க்டிகா வரை பெருநிலம் ஏதும் குறுக்கிடுவதில்லை. திருப்பம் தேவையற்றுப் போகிறது. ஏறத்தாழ 500 கிலோ எடையைத் தாழ்சுற்றுப்பாதைக்குக் கொண்டுசெல்லும் எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிற்றேவூர்திக்குத் திருப்பத்தின் இழப்பு அதன் பயனில் பெரும்பங்கை விழுங்கிவிடும் என்பதால், அவ்விடத்தின் தேவை அதற்கே மிகுதி.

எனினும் திறந்த கடல் என்பது ஆளற்ற கடல் அன்று. மன்னார் வளைகுடாப் பகுதி மீனவர்கள் நாள்தோறும் தொழில் செய்யும் நீர்ப்பரப்பு அது. ஏவுதலின்போது வீழ்பகுதிகளைக் குறித்துக் கப்பல்களுக்கும் வானூர்திகளுக்கும் முன்னறிவிப்பு தரப்படும். சிறு படகில் கரையோரம் தொழில் செய்வோரிடம் அவ்வறிவிப்பு உரிய நேரத்தில் சென்று சேர்ந்தால்தான் கணிப்பு மெய்யாகும்; அந்நாளின் பிடி இழப்பும் அவர்களுடையதே.

முடிவுரை

ஏவு திசை, எல்லைக்கோடு, அழிப்புக் கட்டளை ஆகிய மூன்றும் வீழ்புள்ளி என்னும் ஒரே கருத்தின் வெவ்வேறு பயன்பாடுகள். ஸ்ரீஹரிகோட்டாவில் இலங்கையைத் தவிர்க்கும் வளைபாதைக்காக உந்துபொருள் செலவிடப்படுகிறது. குலசேகரன்பட்டினத்தில் அச்செலவு நீங்குகிறது. அங்குப் பாதுகாப்பின் எஞ்சிய பொறுப்பு, நிலத்தைத் தவிர்ப்பதிலிருந்து கடலில் இருப்போரைக் காப்பதற்கு இடம்பெயர்கிறது.