சுவர்தான் தள்ளுகிறது

ரோட்டர் என்றொரு ராட்டினம் உண்டு. எர்ன்ஸ்ட் ஹாஃப்மைஸ்டர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் வடிவமைத்து, 1949-ல் மியூனிக் அக்டோபர் திருவிழாவில் காட்டியது. பெரிய பீப்பாய் போன்ற அறை. சுவரில் முதுகைச் சாய்த்து நிற்க வேண்டும். அறை வேகமாகச் சுழன்றதும் தரை கீழே இறங்கிவிடும். ஆட்கள் மட்டும் சுவரில் ஒட்டியபடி அந்தரத்தில் நிற்பார்கள்.

இறங்கி வந்தவரைக் கேட்டால், "ஏதோ ஒண்ணு என்னை வெளியே தள்ளி அமுக்கிச்சு" என்பார். அதற்கு மையவிலக்கு விசை என்று பெயரும் சொல்வார். உணர்வு பொய்யில்லை, ஆனால் தள்ளியது யார்? எந்த விசைக்கும் அதைக் கொடுக்கும் பொருள் ஒன்று இருந்தாக வேண்டும். பயணியைத் தொட்டுக்கொண்டிருப்பது சுவர் மட்டும்தான். அது அவர் முதுகில், அதாவது அறையின் மையத்தை நோக்கித் தள்ளுகிறது. இதுதான் மையநோக்கு விசை.

அவர் உடல் ஒவ்வொரு கணமும் நேர்கோட்டில் போகவே பார்க்கிறது. சுவர் குறுக்கே நின்று திருப்பிக்கொண்டே இருக்கிறது. அந்த இடத்தில் சுவர் திடீரென்று மறைந்துவிட்டால் அவர் மையத்திலிருந்து நேர் வெளியே பறப்பார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. அந்தக் கணத்தில் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தாரோ அதே திசையில், வட்டத்தின் தொடுகோட்டில் போவார். வெளியே இழுக்கும் விசை உண்மையிலேயே இருந்திருந்தால் இப்படி நடக்காது.

அவர் முதுகும் சுவரை வெளிப்புறமாக அழுத்துகிறதே என்று கேட்கலாம். அழுத்துகிறது. ஆனால் அந்த விசை சுவர்மீது செயல்படுகிறது, அவர்மீது அல்ல.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆரம் 2 மீட்டர், நிமிடத்துக்கு 30 சுற்று. சுவர் கொடுக்க வேண்டிய தள்ளல், பயணியின் எடையைப் போல இரண்டு மடங்கு வருகிறது. அந்த அழுத்தத்தால் உண்டாகும் உராய்வுதான் அவரைக் கீழே விழாமல் மேல்நோக்கித் தாங்குகிறது. துணிக்கும் சுவருக்கும் இடையிலான உராய்வுக் கெழு 0.5 இருந்தால் மயிரிழையில் தாங்கும். 25 சுற்றாகக் குறைந்தால் வழுக்கத் தொடங்குவார். வழவழப்பான பட்டுச் சட்டைக்காரர் அதற்கு முன்பே வழுக்கக்கூடும். குண்டானவர், ஒல்லியானவர் என்ற பேதம் இங்கே இல்லை. எடை கூடினால் சுவரின் தள்ளலும் அதே விகிதத்தில் கூடுகிறது.

அப்படியானால் மையவிலக்கு விசை சுத்தப் பொய்யா? அதுவும் சரியல்ல. அறையோடு சேர்ந்து சுழல்பவருக்கு, தான் அசையாமல் நிற்பதாகத்தான் தெரியும். அந்தப் பார்வையில் சுவரின் தள்ளலை ஈடுகட்ட வெளிநோக்கிய விசை ஒன்றைக் கணக்கில் சேர்த்தால்தான் நியூட்டனின் விதிகள் பொருந்தும். பொறியாளர்கள் தாராளமாகச் சேர்க்கிறார்கள், விடையும் சரியாக வருகிறது. சிக்கல் எங்கே வருகிறதென்றால், வெளியே நின்று பார்த்துக்கொண்டே இரண்டு விசைகளையும் ஒரே படத்தில் வரையும்போது. இரண்டும் சமமாகிவிட்டால் பயணிமீது மிச்ச விசை இருக்காது. அவர் வட்டமடிக்காமல் நேர்கோட்டில் அல்லவா போக வேண்டும்!