வருங்கால வட்டி தெரியாமலே விலை போடுவது எப்படி?

இந்திய அரசு 1995-இல் முதன்முதலாக மாறும் வட்டிப் பத்திரங்களை வெளியிட்டது. 2034-இல் முதிரும் ஒரு பத்திரத்தைப் பாருங்கள். 182 நாள் டிரஷரி பில்களின் கடைசி மூன்று ஏலங்களில் நிலவிய வட்டியின் சராசரியோடு 0.98 சதவீதம் கூட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதன் வட்டியைப் புதிதாகக் குறிக்கிறார்கள். வட்டி குறிக்கும் அந்த நாள்தான் இங்கே முக்கியம். அடுத்த ஆறு மாத வட்டி அன்று தெரிந்துவிடும். அதற்கு அப்பால் வரப்போகும் வட்டி யாருக்கும் தெரியாது. அப்படியிருக்க, இதற்கு இன்று என்ன விலை கொடுப்பது?

கணக்கைக் கடைசியிலிருந்து தொடங்கினால் விடை எளிது. கூடுதல் சதவீதத்தை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, சந்தை கேட்கும் வட்டியையே பத்திரமும் தருவதாகக் கொள்வோம். முகமதிப்பு 100 ரூபாய். முதிர்வுக்கு ஆறு மாதம் இருக்கையில் கடைசி முறையாக வட்டி குறிக்கிறார்கள். அன்று ஆண்டு வட்டி 8 சதவீதம் என்றால், முதிரும்போது கைக்கு வருவது 104 ரூபாய். அதே 8 சதவீதத்தில் அதன் அன்றைய மதிப்பு 104 ÷ 1.04, அதாவது 100. வட்டி 5 சதவீதம் என்றால் 102.50 ÷ 1.025, அதுவும் 100. பெருக்குவதும் வகுப்பதும் ஒரே எண்ணால் என்பதால் வட்டி எதுவானாலும் விடை மாறாது.

இன்னும் ஆறு மாதம் பின்னால் வாருங்கள். அங்கே நிற்பவருக்கு அடுத்த குறிக்கும் நாளில் 100 ரூபாய் மதிப்புள்ள பத்திரமும் அதுவரைக்கான வட்டியும் கிடைக்கும். எனவே அங்கும் விலை 100. இப்படியே பின்னோக்கி நடந்தால், எத்தனை ஆண்டு மீதம் இருந்தாலும் வட்டி குறிக்கும் நாளில், அன்றைய வட்டியைப் பட்டுவாடா செய்த பிறகு, விலை முகமதிப்பில் வந்து நிற்கும். வருங்கால வட்டியைக் கணிக்கும் வேலையே நமக்கு இல்லை.

இடைப்பட்ட நாளிலும் இந்த உண்மைதான் கைகொடுக்கிறது. 6 சதவீதம் என்று வட்டி குறித்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. இன்னும் நான்கு மாதத்தில் 3 ரூபாய் வட்டி வரும். அந்த நாளில் பத்திரத்தின் விலை 100. ஆகவே நம் கையில் இருப்பது நான்கு மாதம் கழித்து வரும் 103 ரூபாய். அதற்குப் பின் வருபவை எல்லாம் அந்த 100-க்குள் அடங்கிவிட்டன. நான்கு மாதப் பணத்துக்குச் சந்தை இப்போது 7 சதவீதம் கேட்கிறது என்றால்:

103 ÷ (1 + 0.07 × 4/12) = 100.65

இதில் கடந்த இரண்டு மாதத்துக்குச் சேர்ந்த வட்டி 1 ரூபாய் இருக்கிறது. அதைக் கழித்தால் 99.65. சந்தையில் சொல்லப்படும் விலை இதுதான். வாங்குபவர் கொடுப்பது 100.65. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். மீதமிருப்பது நான்கு மாதம்தானே என்று வட்டியை 2 ரூபாயாகக் குறைத்துப் போடுவதும் தவறு. அந்த நாளில் பத்திரம் வைத்திருப்பவருக்கு ஆறு மாத வட்டி முழுவதும் கிடைக்கும்.

சந்தை வட்டி 6 சதவீதத்திலேயே இருந்திருந்தால் விலை 100.98. ஒரு சதவீத உயர்வு தின்றது 33 காசு மட்டுமே. ஆண்டுக்கு 6 சதவீதம் தரும் பத்தாண்டு நிலை வட்டிப் பத்திரம் இதே உயர்வில் 100-இலிருந்து சுமார் 92.90-க்குச் சரியும்.

குறிக்கும் நாளில்கூட விலை 100-ஐ விட்டு விலகுவது உண்டு. மூன்று ஏலங்களின் சராசரி என்பது கடந்த சில வாரங்களின் வட்டி. 2022 மே 4 அன்று ரிசர்வ் வங்கி எதிர்பாராமல் ரெப்போ விகிதத்தை 0.40 சதவீதம் உயர்த்தியதுபோல் ஏதாவது நடந்து, உடனே வட்டி குறித்தால், பழைய ஏலங்கள் சராசரியைக் கீழே இழுக்கும். சராசரி 0.20 சதவீதம் பின்தங்கினால் ஆறு மாதத்தில் இழப்பு 10 காசு, பொருட்படுத்த வேண்டியதில்லை.

உண்மையான ஆபத்து நாம் ஒதுக்கிவைத்த கூடுதல் சதவீதத்தில் இருக்கிறது. அடிப்படை வட்டி மாறிக்கொண்டே இருக்கும்; கூடுதல் மட்டும் முதிர்வுவரை மாறாது. ஒரு பத்திரம் 1 சதவீதம் கூடுதல் தருகிறது, சந்தையோ இப்போது 1.40 கேட்கிறது என்று வைப்போம். ஒவ்வொரு அரையாண்டும் 20 காசு குறைகிறது. எட்டாண்டு மீதமிருந்தால் அந்தக் குறை 16 முறை வரும். அடிப்படை வட்டி 6 சதவீதத்திலேயே நிற்பதாகக் கொண்டு 7.4 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், குறை 2.38 ரூபாய், குறிக்கும் நாளிலேயே விலை 97.62.

அடிப்படை வட்டியின் ஏற்றம் அடுத்த குறிக்கும் நாளில் சரியாகிவிடும். கூடுதலில் விழுந்த குறை முதிர்வுவரை பத்திரத்தோடு வரும். வட்டி குறித்த நாளில் ஒரு மாறும் வட்டிப் பத்திரம் 100-க்கு வெகுதூரம் கீழே விற்றால், விசாரிக்க வேண்டியது அதன் கூடுதலை, கடன் வாங்கியவரின் நிலையை, விற்க நினைக்கும்போது வாங்க ஆள் இருக்குமா என்பதை.